மாதாமாதம் வீட்டுக்குப் பணம்: கட்டணத்தையும் ரேட்டையும் சமாளிக்கும் வழி

பணம் அனுப்பும் செயலியைத் திறந்ததும் ‘கட்டணம் 0’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு ரேட் இருக்கும். புதிதாக வெளிநாடு போனவர்கள் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு அனுப்பி விடுகிறார்கள். பார்க்க வேண்டியது கீழே இருப்பதை. மாதாமாதம் அனுப்புகிறவருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி பல நேரம் அந்த ரேட்டுக்குள்தான் இருக்கிறது. அது கட்டணம் என்ற பெயரில் ரசீதில் வராது என்பதால் போனது தெரியாமலே போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரை மாதச் சம்பளம் வாங்கி, மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டியவருக்கானது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்றாலும் கணக்கு ஒன்றுதான். அதனால் வேலை செய்யும் நாட்டுப் பணத்தை ‘வெளிப்பணம்’ என்றும், வீட்டில் செலவாகும் பணத்தை ‘ஊர்ப்பணம்’ என்றும் சொல்லப் போகிறேன். 1 வெளிப்பணத்துக்கு 50 ஊர்ப்பணம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

முதல் படி: நடு ரேட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

வங்கிகள் தங்களுக்குள் பெரிய அளவில் நாணயம் வாங்கி விற்கும்போது வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நடு ரேட். இணையத்தில் ‘இந்தப் பணம் அந்தப் பணத்தில் எவ்வளவு’ என்று தேடினால் வருவது பெரும்பாலும் இதுதான். பல நாடுகளின் மத்திய வங்கிகளும் நாள்தோறும் ஒரு குறிப்பு ரேட் வெளியிடுகின்றன. தனிநபருக்கு நடு ரேட்டே கிடைப்பது அரிது. ஆனால் அதுதான் உங்கள் அளவுகோல். ஒரு சேவை தருகிற ரேட் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவும் நீங்கள் கொடுக்கிற கட்டணம்தான்.

இதில் நேரமும் முக்கியம். காலையில் பார்த்த நடு ரேட்டையும் மாலையில் செயலி காட்டும் ரேட்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். இரண்டையும் ஒரே நிமிடத்தில் பாருங்கள். சனி, ஞாயிறில் ஒப்பிடாதீர்கள். அப்போது நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கள்கிழமை ரேட் எங்கே திறக்கும் என்று சேவைக்கும் தெரியாது என்பதால், பாதுகாப்புக்காக இடைவெளியைக் கூட்டி வைப்பதுண்டு. வார நாளில், சந்தை திறந்திருக்கும் நேரத்தில் அனுப்பினாலே சில சமயம் ஒரு சிறு தொகை மிஞ்சும்.

இரண்டாம் படி: வீட்டில் போய்ச் சேரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்

ஒருவர் மாதம் 600 வெளிப்பணம் எடுத்து வைக்கிறார். நடு ரேட் 50. எதுவுமே பிடிக்காமல் போனால் 30,000 ஊர்ப்பணம் சேர வேண்டும். அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் சேவை கட்டணமே இல்லை என்கிறது. ரேட் 48.80 தருகிறது. வீட்டில் 29,280 சேரும். 720 ஊர்ப்பணம் வழியிலேயே நின்றுவிட்டது. அது 2.4 சதவீதம்.

இரண்டாவது சேவை 5 வெளிப்பணம் கட்டணம் கேட்கிறது. ரேட் 49.75. கட்டணம் போக 595 தான் மாறும். வீட்டில் 29,601 சேரும். கட்டணம் கேட்ட சேவையில்தான் 321 ஊர்ப்பணம் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. மொத்தச் செலவு 1.33 சதவீதம்.

மூன்றாவது வழி, சம்பளம் விழுகிற வங்கியிலிருந்தே நேராக அனுப்புவது. அனுப்பும் கட்டணம் 20. பணம், நாடு விட்டு நாடு வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாகப் போகிறது. நடுவில் ஒரு வங்கி 10 எடுத்துக்கொள்கிறது. மீதி 570 ஊர் வங்கியில் 49.20 என்ற ரேட்டில் மாறுகிறது. சேர்வது 28,044. செலவு 6.5 சதவீதம். வழக்கமான வங்கி என்ற நம்பிக்கையில் பலர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய தொகைக்கு இந்த நிலையான கட்டணங்கள் பெரிதாகத் தெரியாது. 600 போன்ற தொகைக்கு இது கட்டுப்படியாகாது.

ஆகவே ‘கட்டணம் எவ்வளவு’, ‘ரேட் எவ்வளவு’ என்று தனித்தனியாகக் கேட்காதீர்கள். ‘என் கையிலிருந்து 600 போனால், வீட்டுக் கணக்கில் எவ்வளவு விழும்?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அதைச் சதவீதமாக மாற்ற இது போதும்:

```
செலவு % = (1 - சேர்ந்த தொகை / (கையிலிருந்து போன தொகை × நடு ரேட்)) × 100
```

வந்த எண் நல்லதா கெட்டதா என்று எப்படி அறிவது? உலக வங்கி 2008 முதல் நாட்டுக்கு நாடு பணம் அனுப்பும் செலவைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. 200 டாலர் அனுப்ப ஆகும் உலகச் சராசரிச் செலவு அண்மை ஆண்டுகளில் 6 சதவீதத்துக்கு மேல்தான் இருந்துவருகிறது. இதை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. என் கருத்தில், வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறவர் 3 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து வேறு சேவைகளைப் பார்ப்பது நல்லது. போட்டி குறைவான சில நாட்டுத் தடங்களில் அதற்கும் கீழே கிடைக்காமல் போகலாம். அப்போதும் இருப்பதில் எது மலிவு என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். புதிய வாடிக்கையாளருக்கு முதல் முறை மட்டும் நல்ல ரேட் தருவது இந்தத் தொழிலில் சாதாரணம். சில சமயம் அந்த ரேட்டும் ஒரு குறிப்பிட்ட தொகை வரைதான். முதல் மாதம் ஒப்பிட்டுப் பார்த்து ‘இதுதான் மலிவு’ என்று முடிவு செய்தவர், இரண்டாம் மாதத்திலிருந்து என்ன ரேட்டில் அனுப்புகிறார் என்று பார்ப்பதே இல்லை. சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. முடிவை மட்டும் இரண்டாம் முறை காட்டும் ரேட்டை வைத்து எடுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை முறை அனுப்புவது?

மேலே இரண்டாவது சேவைதான் மலிவு என்று பார்த்தோம். ஆனால் அது 600 அனுப்பும்போது. அதே ஆள் வாரம் 150 என்று பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு முறையும் 5 கட்டணம் போய் 145 தான் மாறும். சேர்வது 7,214. கட்டணமே இல்லாத முதல் சேவையில் 150 அனுப்பினால் 7,320 சேரும். இப்போது முதல் சேவைதான் மலிவு!

நிலையான கட்டணம் வாங்கும் சேவை பெரிய தொகைக்கு நல்லது. ரேட்டில் மட்டும் எடுத்துக்கொள்ளும் சேவை சிறு தொகைக்கு நல்லது. இரண்டும் சமமாகிற ஒரு தொகை இருக்கும். நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய 262. கண்டுபிடிக்க சூத்திரம் வேண்டாம். இரண்டு செயலிகளிலும் 100, 200, 300 என்று தொகையை மாற்றிப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் முந்துகிற சேவை மாறுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டால், வீட்டில் அவசரம் என்று சிறு தொகை கேட்கும்போது எந்தச் செயலியைத் திறப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

சரி, பெரிதாக அனுப்பினால்தானே லாபம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பலாமே என்று தோன்றும். இரண்டாவது சேவையில் மூன்று மாதத் தொகையைச் சேர்த்து 1,800 ஆக ஒரே முறை அனுப்பினால் மிஞ்சுவது இரண்டு முறைக் கட்டணம், அதாவது 10 வெளிப்பணம். அந்தப் பத்துக்காக 1,800ஐயும் ஒரே நாளின் ரேட்டில் மாட்டிவிடுகிறோம். அந்த நாளில் ரேட் 2 சதவீதம் தாழ்ந்திருந்தால் போவது 36. உயர்ந்திருந்தால் வருவதும் 36 என்பது உண்மைதான். ஆனால் வீட்டுச் செலவுக்கான பணத்தில் அந்த விளையாட்டு தேவையில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மாதம் ஒருமுறை என்பதே பொருந்திப் போகிறது. வாரச் சம்பளக்காரர்கூட நான்கு வாரத்தைச் சேர்த்து ஒரே முறை அனுப்புவது நல்லது. கட்டணம் நிலையாகப் பெரிதாக இருக்கும் தடங்களில் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று யோசிக்கலாம்.

நான்காம் படி: ரேட் ஆடும்போது வீடு ஆடாமல் இருக்க

இதுதான் மனதை அதிகம் அலைக்கழிக்கும் பகுதி. ஆனால் இதற்கான ஏற்பாடு எளிது.

வீட்டின் செலவு ஊர்ப்பணத்தில் நிலையாக இருக்கிறது. வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை எதுவும் ரேட் குறைந்தது என்று குறையாது. உங்கள் சம்பளமோ வெளிப்பணத்தில் நிலையாக இருக்கிறது. நடுவில் ரேட் மட்டும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை யார் தாங்குவது? ஒவ்வொரு மாதமும் சரியாக 28,000 சேர வேண்டும் என்று கணக்குப் பார்த்து அனுப்பினால் நீங்கள் தாங்குகிறீர்கள். நிலையாக 600 அனுப்பி, வந்ததை அப்படியே செலவு செய்யச் சொன்னால் வீடு தாங்குகிறது. இரண்டும் வேண்டாம். நடுவில் ஒரு கையிருப்பு தாங்கட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஊரில் வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்று, அதை ஒட்டி இன்னொரு கணக்கு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்புவது இரண்டாவதற்குப் போகட்டும். அதிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி 28,000 தானாகவே செலவுக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் ஒரே தொகைதான் தெரியும். ரேட் ஏறியது, இறங்கியது எல்லாம் இரண்டாவது கணக்குக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆறு மாதம் இது எப்படிப் போகும் என்று பார்க்கலாம். நடு ரேட் முதல் மாதம் 50, அப்புறம் 48, 47, 49, 52, 51 என்று ஆடுகிறது. இரண்டாவது சேவை ஒவ்வொரு முறையும் நடு ரேட்டிலிருந்து அரை சதவீதம் குறைத்துத் தருகிறது, 5 கட்டணம் வாங்குகிறது. 600 அனுப்பினால் முதல் மாதம் 29,601, இரண்டாம் மாதம் 28,417 சேர்கிறது. 28,000 போக, கையிருப்பில் 2,018 நிற்கிறது. மூன்றாம் மாதம் ரேட் 47க்கு இறங்கியபோது 27,825 தான் சேர்கிறது. 175 குறைகிறது. கையிருப்பு அதைக் கொடுத்துவிடுகிறது. வீட்டுக்கு எதுவும் தெரியாது. பிறகு ரேட் ஏறியதும் மீண்டும் மிஞ்சுகிறது. ஆறு மாத முடிவில் வீட்டுக்கு ஆறு முறையும் 28,000 போய், கையிருப்பில் ஏறக்குறைய 7,830 நிற்கிறது. அந்த ஆறு மாதமும் ரேட் எங்கே போகும் என்று யாரும் ஊகிக்கவே இல்லை.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. சாதாரண ரேட்டில் நீங்கள் அனுப்புவது, வீட்டுக்குத் தேவையானதைவிட கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த உதாரணத்தில் 29,601க்கு எதிரே 28,000, அதாவது ஐந்து, ஆறு சதவீத இடைவெளி. சரியாக வீட்டுத் தேவைக்கு மட்டுமே அனுப்ப முடிகிற நிலையில் இருந்தால், முதல் வேலை மாதத் தேவையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று வீட்டாரோடு பேசுவதுதான். ரேட் குறைந்தபிறகு அதைப் பேசுவது இரு தரப்புக்கும் கஷ்டம்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்? ரேட் ஆட்டத்துக்கு மட்டும் என்றால் பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். ரேட் 50லிருந்து 45க்கு, அதாவது பத்து சதவீதம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 600 அனுப்பினால் 26,641 சேரும். மாதம் 1,359 குறையும். கையிருப்பில் அரை மாதச் செலவான 14,000 இருந்தால் பத்து மாதம் தாங்கும். அதற்குள் அனுப்பும் தொகையை மாற்றியமைக்க நேரம் கிடைத்துவிடும். முழு ஒரு மாதச் செலவு கையிருப்பாக இருந்தால் இன்னும் நல்லது. அது ரேட்டுக்காக இல்லை, ஒரு மாதம் பணம் வழியில் மாட்டிக்கொண்டால் வீடு நிற்காமல் இருப்பதற்காக. முதல் போனஸையோ, கூடுதல் நேர வேலைப் பணத்தையோ இதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

காத்திருப்பதைப் பற்றி

‘நாளைக்கு ஏறும்’ என்று காத்திருப்பது எனக்கும் நடந்தது. எண்களை மட்டும் மேலே உள்ள ரேட்டுக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். நடு ரேட் 49ல் இருந்தது. 50 ஆகட்டும் என்று 600ஐ வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியிருந்தால் இரண்டாவது சேவையில் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியது 592 ஊர்ப்பணம். ஏறவில்லை, 48.50க்கு இறங்கியது. அதற்குள் வீட்டில் தவணை கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. அன்று ஞாயிறு, மறுநாள் காலை பணம் இருக்க வேண்டும். கடைசியில் உடனே ரொக்கமாக எடுக்கும் வகையில் ஒரு சேவை மையத்திலிருந்து அனுப்பினேன். கட்டணம் 12, ரேட் 47.60. சேர்ந்தது 27,989. முதல் நாளே இரண்டாவது சேவையில் அனுப்பியிருந்தால் 29,009 சேர்ந்திருக்கும். 592க்கு ஆசைப்பட்டு 1,020 போனது. அதில் ரேட் இறங்கியதால் போனது சிறு பகுதிதான். அவசரத்தில் விலை உயர்ந்த வழியில் அனுப்ப வேண்டி வந்ததால்தான் பெரும்பகுதி போனது.

அதற்குப் பிறகு சம்பளம் விழுந்த மறுநாள் என்று ஒரு தேதி வைத்துக்கொண்டேன். மறுநாள் சனி என்றால் திங்கள். வீட்டுச் செலவுப் பணத்துக்கு இதைத் தவிர வேறு விதி வேண்டாம்.

செலவுக்கு மேல் மிஞ்சுகிற சேமிப்பு இருந்தால் அதில் கொஞ்சம் ரேட் பார்க்கலாம். பல செயலிகளில் ‘இந்த ரேட் வந்தால் சொல்’ என்று அறிவிப்பு வைக்கும் வசதி உண்டு. சிலவற்றில் அந்த ரேட் வந்ததும் தானாகவே மாற்றிவிடும் வசதியும் உண்டு. இதில் இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். ரேட்டோடு ஒரு கடைசித் தேதியும் குறியுங்கள். அந்தத் தேதிக்குள் வராவிட்டால் இருக்கிற ரேட்டிலேயே அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, ஊரில் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடுகிறது. ரேட்டில் 2 சதவீதம் கூடும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, அது கூடினாலும், வட்டியில் அது கரைந்துவிடுகிறது. கடன் உள்ளவர் மிஞ்சியதையும் உடனே அனுப்பி அசலைக் குறைப்பதே சரி என்று நினைக்கிறேன்.

முதல் முறை அனுப்பும்போது

அவசரம் வருவதற்கு முன்பே, பெயருக்கு ஒரு சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். கட்டணம் போனாலும் பரவாயில்லை. முதல் முறை அடையாள ஆவணம் கேட்பார்கள், சில சமயம் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். சரிபார்த்து முடிக்க நாளாகலாம். எல்லாம் ஒருமுறை ஒழுங்காக முடிந்துவிட்டால் அடுத்த முறைகள் தொல்லையில்லாமல் போகும். இதை இரண்டு சேவைகளில் செய்து வையுங்கள். ஒன்று எப்போதும் அனுப்புவதற்கு, இன்னொன்று அது வேலை செய்யாத நாளுக்கு.

சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன், நீங்கள் இருக்கும் நாட்டின் மத்திய வங்கி அல்லது நிதித் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் அதன் உரிமம் இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் உரிம எண்ணை அப்படியே நம்பாமல், அந்தப் பட்டியலில் நீங்களே போய்ப் பாருங்கள். உரிமம் இல்லாத ஆட்கள் மூலம் அனுப்பும் உண்டியல் வழியில் ரேட் நன்றாகத் தெரிந்தாலும், பணம் தொலைந்தால் கேட்க இடமில்லை. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. பின்னாளில் வீடு வாங்கும்போதோ கடன் கேட்கும்போதோ இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. பெறுபவரின் பெயரை வீட்டில் கூப்பிடுவதுபோல் எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்பதால்கூடப் பணம் நின்றுவிடலாம், திரும்பியும் வரலாம். திரும்பி வரும்போது அன்றைய ரேட்டில் மறுபடி மாற்றப்பட்டால் இரண்டு பக்கமும் இழப்பு. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

சேவைக்குப் பணத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதும் விலையை மாற்றும். வங்கிக் கணக்கிலிருந்து மாற்றுவது பெரும்பாலும் மலிவு. கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டு கொடுத்த வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கில் வைத்து, தனிக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் போடலாம். அது சேவையின் திரையில் தெரியாது, மாதக் கடைசியில் கார்டு பில்லில்தான் தெரியும்.

ரேட்டை ‘பூட்டி வைக்கிறோம்’ என்று சொல்லும் சேவைகளில், எத்தனை மணி நேரத்துக்கு என்று படியுங்கள். அந்த நேரத்துக்குள் உங்கள் பணம் அவர்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ரேட். வெள்ளி மாலையில் தொடங்கி, உங்கள் வங்கி திங்கள்கிழமை பணத்தை விடுவித்தால், பூட்டிய ரேட் காலாவதியாகியிருக்கும்.

வங்கியிலிருந்து ஸ்விஃப்டில்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், படிவத்தில் கட்டணம் யாருடையது என்று கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். OUR என்றால் எல்லாக் கட்டணமும் உங்களுடையது. SHA என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றதெல்லாம் பெறுபவருக்கு. BEN என்றால் எல்லாம் பெறுபவருக்கு. 570 சேர்ந்த அந்த உதாரணத்தில் நடுவில் 10 காணாமல் போனது SHA போட்டதால்தான். பள்ளிக் கட்டணம் போல ஒரு பைசா குறையாமல் சேர வேண்டிய பணத்துக்கு OUR போடுங்கள். பணம் வரவில்லை என்றால் வங்கியிடம் அனுப்பிய விவரம் இருக்கும் ‘ஸ்விஃப்ட் காப்பி’ கேட்டு வாங்கி, பெறுபவரின் வங்கிக்கு அனுப்புங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேட முடியும்.

ஒரு தாள் கணக்கு

ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதி வையுங்கள்: தேதி, கையிலிருந்து போன தொகை, அந்த நிமிடத்து நடு ரேட், வீட்டுக் கணக்கில் உண்மையில் விழுந்த தொகை, மேலே சொன்ன சூத்திரத்தில் வந்த சதவீதம். நான்காவதைச் செயலியின் ரசீதைப் பார்த்து எழுதக் கூடாது. வீட்டிலிருந்து வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லச் சொல்லி, அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். ஊர் வங்கி தன் பங்குக்கு ஏதாவது பிடித்திருந்தால் இரண்டு எண்களும் வேறுபடுவதில் அது தெரிந்துவிடும்.

அந்தச் சதவீதம் 1.3, 1.4, 1.3 என்று போய்க்கொண்டிருக்கும்வரை எதையும் மாற்ற வேண்டாம். ரேட் 47ஆக இருந்தாலும் 52ஆக இருந்தாலும் அந்த எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஏனென்றால் அது சந்தையைக் காட்டுவதில்லை, சேவை எடுத்துக்கொள்வதைக் காட்டுகிறது. இரண்டு மாதம் தொடர்ந்து 2க்கு மேல் போனால், சேவை ரேட்டில் தன் பங்கைக் கூட்டிவிட்டது என்று அர்த்தம். அன்று சோதித்து வைத்திருக்கும் இரண்டாவது செயலியைத் திறந்து அதே 600ஐப் போட்டுப் பாருங்கள்.